பிட்காயினில் இருப்பு என்று ஒன்று கிடையாது: துண்டுகளாகக் கிடக்கும் காசை அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

பிட்காயின் வாலட்டைத் திறந்தாலும் எத்தீரியம் வாலட்டைத் திறந்தாலும் மேலே ஒரே மாதிரி ஓர் எண்தான் தெரியும். எத்தீரியத்தில் அந்த எண் உண்மையிலேயே நெட்வொர்க்கில் உங்கள் முகவரிக்கு நேராக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பிட்காயினில் அப்படி எங்கேயும் எழுதப்படவில்லை, உங்களுக்கு வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனித் துண்டாகக் கிடக்கிறது, அவற்றையெல்லாம் கூட்டி உங்கள் வாலட்தான் ஒரு மொத்தத்தைக் காட்டுகிறது. அனுப்பும் கட்டணம், காத்திருக்கும் நேரம், வருமான வரிக்குக் கொடுக்கும் காகிதம் மூன்றுமே இந்த ஒரு வித்தியாசத்தால்தான் மாறுகின்றன.

அண்ணா நகரில் இருக்கும் என் மைத்துனர் இரண்டையுமே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, ஒவ்வொரு முறையும் எக்ஸ்சேஞ்சிலிருந்து தன் சொந்த வாலட்டுக்கு எடுத்து வைத்திருந்தார். விற்க வேண்டிய தேவை வந்தபோது அனுப்புவதும், பிறகு அதற்குக் கணக்கு எழுதுவதும் என் பொறுப்பாயிற்று. எத்தீரியம் பகுதி சட்டென்று முடிந்தது. பிட்காயின் பகுதிதான் பாடாய்ப் படுத்திவிட்டது, ஏன் இவ்வளவு கட்டணம் கேட்கிறது, ஏன் கேட்ட தொகையைவிட அதிகமாக வெளியே போனது போலத் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைத்தான் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். அவருடைய கணக்கையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், எண்களை மட்டும் கூட்டிக் கழிக்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்: பிட்காயினில் தலா 40,000 சடோஷி வீதம் 30 முறை, மொத்தம் 12,00,000 சடோஷி (ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி). எத்தீரியத்தில் தலா 0.01 ஈதர் வீதம் 30 முறை, மொத்தம் 0.3 ஈதர்.

## 1. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள்

பிட்காயின், லைட்காயின், டோஜ்காயின், பிட்காயின் கேஷ் எல்லாம் துண்டு வகை. செலவழிக்கப்படாமல் கிடக்கும் வெளியீடு என்பதால் ஒவ்வொரு துண்டையும் யூடிஎக்ஸ்ஓ என்பார்கள். எத்தீரியம், டிரான், சொலானா, பிஎன்பி செயின் எல்லாம் இருப்பு வகை. கார்டானோ துண்டு வகையின் விரிவாக்கம்.

சந்தேகமாக இருந்தால், உங்கள் பழைய பரிவர்த்தனை ஒன்றை அந்த நெட்வொர்க்கின் எக்ஸ்ப்ளோரரில் திறந்து பாருங்கள். இடப்பக்கம் `Inputs`, வலப்பக்கம் `Outputs` என்று இரண்டு பட்டியல் இருந்தால் துண்டு வகை. `From`, `To`, `Value` போல ஒற்றை வரிகளாக இருந்தால் இருப்பு வகை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயரில் பிட்காயின் என்று இருப்பதெல்லாம் துண்டு வகை ஆகிவிடாது. WBTC என்பது எத்தீரியத்தின் மேல் ஓடும் டோக்கன், அதற்கு இருப்பு வகையின் விதிகள்தான். அதை அனுப்பக் கட்டணமும் ஈதரில்தான் கட்ட வேண்டும்.

## 2. மொத்தத்தைப் பார்க்காதீர்கள், துண்டுகளை எண்ணுங்கள்

எலக்ட்ரம் வாலட்டில் `View` மெனுவில் `Show Coins` என்பதைத் தட்டினால் `Coins` என்ற பக்கம் வரும். ஸ்பாரோவில் இடப்பக்கமே `UTXOs` என்று இருக்கும். சொந்தமாக நோடு ஓட்டுபவர்கள் `bitcoin-cli listunspent` என்று அடித்தால் போதும், துண்டுக்கு ஒன்றாக இப்படி வரும் (தேவையான வரிகளை மட்டும் வைத்திருக்கிறேன்):

```
{
  "txid": "...",
  "vout": 0,
  "amount": 0.00040000,
  "confirmations": 1312
}
```

`txid` என்பது அந்தத் துண்டு பிறந்த பரிவர்த்தனை. `vout` என்பது அந்தப் பரிவர்த்தனையின் எத்தனையாவது வெளியீடு என்பது, 0-லிருந்து எண்ணுவார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்தத் துண்டின் அடையாளம், பின்னால் கணக்கு எழுதும்போது இதே ஜோடி வேண்டும். என் மைத்துனரின் வாலட்டில் இப்படி 30 துண்டுகள் இருந்தன. எல்லாத் துண்டுகளையும் அவர் ஒரே முகவரிக்கு வாங்கியிருந்தாலும் 30 துண்டு 30 துண்டுதான். முகவரி ஒன்று என்பதால் அவை தானாக ஒன்று சேர்ந்துவிடாது, இதை நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தீரியத்தில் இந்த வேலையே இல்லை. அவருடைய முகவரியைக் கேட்டால் 0.3 ஈதர் என்று ஒரே எண் வருகிறது. 30 முறை வந்தது என்ற விவரம் பழைய பிளாக்குகளில் இருக்கிறது, ஆனால் இருப்பில் அதன் சுவடு எதுவும் இல்லை.

சில மொபைல் வாலட்டுகளில் துண்டுகளைக் காட்டும் பக்கமே கிடையாது. பிட்காயினைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவர் என்றால் அப்படிப்பட்ட வாலட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

## 3. ஒரு பரிவர்த்தனையைப் படித்துப் பழகுங்கள்

பழைய தங்கக் காசுகளைக் கொடுத்து வேறு எடையில் புதுக் காசு செய்யச் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த காசுகள் முழுசாக உருக்கப்படும், கேட்ட எடையில் ஒரு காசு, மீதியில் இன்னொரு காசு வரும், கொஞ்சம் சேதாரம் போகும். பிட்காயின் அனுப்புவது அதுதான். துண்டில் பாதியைச் செலவழிக்க வழி கிடையாது, முழுத் துண்டும் அழிந்து புதுத் துண்டுகள் பிறக்கின்றன. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசம், பரிவர்த்தனைகளைப் பிளாக்கில் ஏற்றும் மைனருக்குக் கட்டணமாகப் போகிறது.

மைத்துனர் எக்ஸ்சேஞ்சுக்கு 10,00,000 சடோஷி அனுப்ப வேண்டும். 25 துண்டு போட்டால் சரியாக 10,00,000 வருகிறது, ஆனால் கட்டணத்துக்கு இடமில்லை, அதனால் வாலட் 26-ஆவது துண்டையும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே 10,40,000. வெளியே 10,00,000 எக்ஸ்சேஞ்சுக்கு, 30,795 அவருடைய வாலட்டுக்கே. மிச்சம் 9,205 கட்டணம். அந்த 9,205 எப்படி வந்தது என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

இந்த 30,795 போவது பழைய முகவரிக்கு அல்ல, வாலட் உங்களுக்காகவே புதிதாக உருவாக்கும் மீதி முகவரிக்கு. எலக்ட்ரத்தில் `Addresses` பக்கத்தில் இதை `Change` என்று தனியாகக் காட்டும். எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால், தெரியாத முகவரி ஒன்றுக்கு 30,795 போயிருப்பது போல இருக்கும், பழைய முகவரியிலிருந்து 10,40,000 வெளியேறியது போலவும் இருக்கும். “மச்சான், யாரோ நாற்பதாயிரம் அடிச்சிட்டான் போல” என்று மைத்துனர் பதறிப்போய் ஃபோன் செய்தது இதைப் பார்த்துத்தான். வாலட்டைத் திறந்து அந்த முகவரி உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஒன்றும் போகவில்லை.

இதனால் காப்புப் பிரதியிலும் ஒரு விஷயம் மாறுகிறது. எத்தீரியத்தில் ஒரு முகவரிக்கான தனிச்சாவி ஒன்று கையில் இருந்தால் அந்த இருப்பு முழுக்க உங்கள் கையில். பிட்காயினில் ஒற்றை முகவரியின் சாவியை மட்டும் எழுதி வைத்திருந்தால், முதல் முறை அனுப்பியதுமே மீதி வேறு முகவரிக்குப் போய்விடும், அந்தச் சாவியால் அதைத் திறக்க முடியாது. அதனால் 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடரைத்தான் எழுதி வைக்க வேண்டும், மீதி முகவரிகள் எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன.

எத்தீரியத்தில் மீதி என்ற பேச்சே இல்லை. 0.25 ஈதர் அனுப்பினால் அவருடைய எண்ணிலிருந்து 0.25-ம் கட்டணமும் கழியும், பெறுபவரின் எண்ணில் 0.25 கூடும், அவ்வளவுதான்.

## 4. அனுப்பும் முன் கட்டணத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

பிட்காயினில் கட்டணம் தொகையைப் பொறுத்தது அல்ல, பரிவர்த்தனை பிளாக்கில் அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்தது. அந்த இடத்தை விபைட், அதாவது vB, என்ற அலகில் அளப்பார்கள். `bc1q` என்று தொடங்கும் முகவரிகளுக்குத் தோராயக் கணக்கு இது:

```
vB  = 11 + 68 × inputs + 31 × outputs
fee = vB × (sat/vB)
```

26 துண்டு உள்ளே, 2 துண்டு வெளியே என்றால் 11 + 1,768 + 62 = 1,841 விபைட். அன்றைய கட்டண விலை ஒரு விபைட்டுக்கு 5 சடோஷி என்றால் 9,205. இதே 12 லட்சம் சடோஷியும் ஒரே துண்டாக இருந்திருந்தால் 141 விபைட், 705 சடோஷியில் முடிந்திருக்கும். தொகை அதே, பெறுபவர் அதே, கட்டணம் மட்டும் 13 மடங்கு.

கட்டண விலை ஏறினால்தான் நிலைமை மோசமாகும். விபைட்டுக்கு 50 சடோஷி ஓடும் நாளில் ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் போடவே 3,400 சடோஷி செலவாகும், அதனால் 26 துண்டு போதாது, 28 வேண்டும். 1,977 விபைட், 98,850 சடோஷி. அனுப்பும் 10 லட்சத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. 600 சடோஷி ஓடினால் ஒரு துண்டை எடுக்கும் செலவே 40,800, அதாவது துண்டின் மதிப்பைவிட அதிகம், அன்றைக்கு அந்த 30 துண்டும் இருந்தும் இல்லாதது மாதிரிதான். நான்காவது ஹால்விங் நடந்த 2024 ஏப்ரல் 20-ஐ ஒட்டி விலை பல நூறு சடோஷிகளுக்கு எகிறியது, எனவே இது வெறும் கணக்குப் பயம் இல்லை.

68 என்ற எண் முகவரி வகையைப் பொறுத்து மாறும். `1` என்று தொடங்கும் பழைய வகைக்குத் துண்டு ஒன்றுக்கு 148 விபைட், `bc1p` வகைக்கு சுமார் 58. பழைய வகை முகவரியில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குச் செலவு இரட்டிப்புக்கும் மேல்.

எத்தீரியத்தில் சாதாரண ஈதர் அனுப்புதலுக்கு 21,000 கேஸ், எப்போதும் அதே அளவு. ஒரு ஈதர் என்பது 100 கோடி கிவெய், எனவே கேஸ் விலை 10 கிவெய் என்றால் 0.00021 ஈதர். 30 முறை வந்ததா, ஒரே முறை வந்ததா என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. ஆனால் அங்கே வேறு ஒரு பொறி: டோக்கன் அனுப்புவதோ ஒப்பந்தத்தை அழைப்பதோ தோல்வியடைந்தாலும் செலவான கேஸுக்குக் கட்டணம் போய்விடும். பிட்காயினில் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறாவிட்டால் ஒரு சடோஷியும் போகாது.

## 5. துண்டுகளைச் சேர்ப்பது எப்போது, எப்போது வேண்டாம்

30 துண்டுகளையும் உங்கள் முகவரிக்கே அனுப்பி ஒரே துண்டாக்கலாம். 11 + 2,040 + 31 = 2,082 விபைட். விலை 2 சடோஷியாக இருக்கும் நேரத்தில் செய்தால் 4,164 சடோஷிதான், கையில் 11,95,836 ஒரே துண்டாக இருக்கும்.

இணையத்தில் எல்லோரும் “சேர்த்துவிடு, சேர்த்துவிடு” என்று சொல்வார்கள், அதில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அந்த 68 விபைட்டை என்றாவது ஒருநாள் கட்டித்தான் ஆக வேண்டும், துண்டுகளைச் சேர்ப்பதால் அந்தச் செலவு இல்லாமல் போகாது, எந்த நாள் விலையில் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் கட்டண விலை குறைவாக இருக்கும் இன்றைக்கே எல்லாவற்றையும் விற்கப் போகிறீர்கள் என்றால், முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு அனுப்புவது வீண், நேராக எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்பிவிடுங்கள். விற்பதற்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, அன்றைக்குக் கட்டண விலை என்னவாக இருக்குமோ தெரியாது என்றால் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நேரம் பார்க்க mempool.space தளத்தைத் திறந்து வையுங்கள், அந்த நிமிடத்துக் கட்டண விலை மேலேயே தெரியும். சனி, ஞாயிறு பெரும்பாலும் மலிவு. நமக்கு இரவாக இருக்கும்போது அமெரிக்காவில் வேலை நேரம், அப்போது நெரிசல் கூடும், அதனால் நம் ஊர் ஞாயிறு காலை நல்ல நேரம். அவசரமே இல்லை என்பதால் வாலட் பரிந்துரைக்கும் கட்டணத்தை ஏற்காமல் நீங்களே குறைத்துப் போடலாம், ஒரு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை.

செய்வது எளிது. எலக்ட்ரத்தின் `Coins` பக்கத்தில் சேர்க்க வேண்டிய துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் `Add to coin control` கொடுத்து, அதே வாலட்டின் `Receive` பக்கத்தில் ஒரு புது முகவரி எடுத்து, தொகைக்கு `Max` தட்டி அனுப்புங்கள். அனுப்பும் முன் முன்னோட்டத்தைத் திறந்து வெளியீடு ஒன்றுதான் இருக்கிறதா, அது உங்கள் முகவரிதானா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து போகும் துண்டுகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். நண்பர் ஒருவர் தந்த துண்டும் உங்கள் சேமிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால், அந்த நண்பருக்கு உங்கள் மொத்தச் சேமிப்பும் தெரிந்துவிடும். தனியாக இருக்க வேண்டியவற்றை எலக்ட்ரத்தில் வலது சொடுக்கில் `Freeze` செய்து வைத்தால் வாலட் தொடாது.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே துண்டாக்கிவிடாதீர்கள். ஒரே துண்டு இருந்தால், அதிலிருந்து சின்னத் தொகை அனுப்பினாலும் மொத்த மீதியும் அந்தப் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறும் வரை அந்தரத்தில் நிற்கும். நானாக இருந்தால் மூன்று, நான்கு துண்டாக வைப்பேன்.

## 6. மாட்டிக்கொண்டால் என்ன செய்வது

பிட்காயினில் பிளாக் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று, ஆனால் ஒரு மணி நேரம் வராமலும் போகலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எக்ஸ்சேஞ்சுகள் ஒரு சில உறுதிப்படுத்தல்கள் வந்த பிறகே தொகையைக் கணக்கில் வைக்கும், எத்தனை என்பதை டெபாசிட் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். குறைந்தபட்ச டெபாசிட் தொகையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் குறைவாகப் போட்டு நின்றுவிட்டால் இரண்டு வழி. அதே துண்டுகளை வைத்து அதிகக் கட்டணத்தில் மறுபடி அனுப்புவது ஒன்று, எலக்ட்ரத்தில் பரிவர்த்தனை மேல் வலது சொடுக்கி `Bump fee` என்று கொடுத்தால் அதுவே செய்துவிடும். இன்னொன்று, இன்னும் உறுதியாகாத மீதித் துண்டையே உங்களுக்கு நீங்களே அதிகக் கட்டணத்தில் அனுப்புவது. பின்னதை ஏற்ற வேண்டுமென்றால் முன்னதையும் ஏற்றியாக வேண்டும், அதனால் மைனர் இரண்டையும் சேர்த்து எடுப்பார். வேறு துண்டுகளைப் பயன்படுத்தும் மற்ற பரிவர்த்தனைகள் இதனால் தடைபடாது.

எத்தீரியத்தில் கதை தலைகீழ். பிளாக் இடைவெளி 12 நொடி என்பதால் சாதாரணமாக உடனே ஏறிவிடும், ஆனால் ஒரு முகவரியிலிருந்து போகும் பரிவர்த்தனைகளுக்கு நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு, அந்த வரிசையில்தான் ஏறும். 17-ஆம் எண் நின்றுவிட்டால் 18, 19 எவ்வளவு கட்டணம் கொடுத்திருந்தாலும் அதன் பின்னால் நிற்க வேண்டியதுதான். அங்கே மறுபடி மறுபடி புதிதாக அனுப்பிப் பார்ப்பது எதற்கும் உதவாது. அதே 17-ஆம் எண்ணில் அதிகக் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும், மெட்டாமாஸ்க்கில் `Speed up` அல்லது `Cancel` கொடுத்தால் அது நடக்கும்.

## 7. ஆடிட்டருக்கு என்ன கொடுக்க வேண்டும்

அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். மயிலாப்பூரில் நாங்கள் பார்த்த ஆடிட்டருக்கு வரிச் சட்டம் நன்றாகத் தெரியும், ஆனால் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தின் அச்சுப் பிரதியை நீட்டியதும் “இதுல எது வித்தது, எது உங்ககிட்டயே திரும்பி வந்தது சார்?” என்றுதான் முதலில் கேட்டார். சரியான கேள்வி. அந்தக் காகிதத்திலிருந்து அதைச் சொல்லவே முடியாது.

2022 ஏப்ரல் முதல் இந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடிப்பார்கள், அது படிவம் 26AS-ல் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரிப் படிவத்தில் இதற்கென்றே இருக்கும் VDA அட்டவணையில் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

வாங்கிய தேதி என்ற இடத்தில்தான் இரண்டு வகைகளும் வெவ்வேறு விதமாகக் கால் வாருகின்றன.

பிட்காயினில் ஒவ்வொரு துண்டுக்கும் பிறந்த தேதி உண்டு, எனவே எந்த நாளில் வாங்கியதை விற்றீர்கள் என்று துண்டு துண்டாகக் காட்டலாம். ஆனால் சேர்த்துவிட்டால் 30 துண்டும் அழிந்து, சேர்த்த நாளில் பிறந்த ஒரு புதுத் துண்டுதான் இருக்கும். வாலட் அந்தத் தேதியைத்தான் காட்டும். அது நீங்கள் வாங்கிய தேதி இல்லை. பார்ப்பவர்களுக்கு ஒரே நாளில் 12 லட்சம் சடோஷி வந்தது போல இருக்கும். அதனால் சேர்ப்பதற்கு முன்பே பட்டியலை எழுதிவிடுங்கள். துண்டுக்கு ஒரு வரி போதும்: வாங்கிய தேதி, கொடுத்த ரூபாய், வந்த சடோஷி, `txid:vout`, எக்ஸ்சேஞ்ச் ரசீது எண். எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது அவர்கள் பிடித்த தொகையையும் தனியாக எழுதுங்கள், வாங்கியதும் வந்து சேர்ந்ததும் ஒரே எண்ணாக இருக்காது. சேர்த்த பிறகு அதன் கீழே புதுத் துண்டின் `txid:vout`-ஐயும், இது இந்த 30 வரிகளிலிருந்து வந்தது, சொந்த வாலட்டுக்குள் மாற்றியது, விற்பனை இல்லை என்பதையும் எழுதிவையுங்கள்.

மீதித் துண்டிலும் இதே சிக்கல். 26 துண்டு உள்ளே போய் 30,795 சடோஷி திரும்பி வந்தது, அது எந்த நாளில் வாங்கியது? நெட்வொர்க்குக்கு அதற்குப் பதில் கிடையாது. நாங்கள் முதலில் வாங்கியது முதலில் போனது என்று வைத்துக்கொண்டோம். அப்படிப் பார்த்தால் முதல் 25 துண்டுகள், அதாவது 10,00,000 சடோஷி, விற்றது. 26-ஆவது துண்டில் 9,205 கட்டணமாகப் போயிற்று, மீதி 30,795 அந்தத் துண்டின் தேதியையும் விலையையும் சுமந்துகொண்டு இருக்கிறது. கணக்கு ஒரு சடோஷி பிசகாமல் உட்கார்ந்தது. எந்த முறையை எடுப்பது, அந்தக் கட்டணத்தை எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், எடுத்த முறையை ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள்.

எத்தீரியத்தில் மீதி இல்லை, சேர்த்தல் இல்லை, அதனால் குழப்பம் குறைவு போலத் தோன்றும். ஆனால் 0.3 என்ற ஒரே எண்ணிலிருந்து 0.25 போனால், போனது எந்த நாளில் வாங்கியது என்று நெட்வொர்க்கில் எந்தத் தடயமும் இருக்காது. பிட்காயினில் குறைந்தபட்சம் எந்தத் துண்டுகள் போயின என்றாவது தெரியும், இங்கே அதுவும் இல்லை, முழுக்க முழுக்க உங்கள் பதிவேட்டை நம்பித்தான் கணக்கு நிற்கும். இன்னொன்று, எத்தீரியம் எக்ஸ்ப்ளோரரில் வழக்கமான பட்டியலைப் பதிவிறக்கினால் மட்டும் போதாது. ஒப்பந்தம் வழியாக வந்த ஈதர் `Internal Transactions` என்ற தாளிலும், டோக்கன்கள் தனித் தாளிலும் இருக்கும். மூன்றையும் எடுக்காவிட்டால் கூட்டல் இருப்போடு பொருந்தாது.

ஆடிட்டரிடம் கடைசியில் நாங்கள் கொடுத்தது இவ்வளவுதான்: மேலே சொன்ன பட்டியல், எக்ஸ்சேஞ்சின் வாங்கிய, விற்ற அறிக்கைகள், வாலட்டிலிருந்து எடுத்த வரலாற்று CSV கோப்பு, வங்கி அறிக்கையில் தொடர்புள்ள வரிகள். எக்ஸ்ப்ளோரர் அச்சுப் பிரதிகளை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்டியலை ஆண்டுக் கடைசிக்கு என்று தள்ளிப்போடாமல் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு வரி எழுதிவிடுங்கள். எலக்ட்ரத்தில் துண்டுக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதலாம், தேதியையும் ரூபாயையும் அங்கேயே போட்டுவிடலாம். ஆனால் அந்தக் குறிப்புகள் இருப்பது உங்கள் கணினியில் உள்ள வாலட் கோப்பில் மட்டும்தான். மீட்புச் சொற்றொடரை வைத்து வேறு கணினியில் வாலட்டைத் திறந்தால் காசு வரும், குறிப்புகள் வராது. அதனால் கணினி மாற்றுவதற்கு முன் குறிப்புகளையும் வரலாற்றையும் ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்புச் சொற்றொடரை மட்டும் அந்த இரண்டு இடத்திலும் வைக்காதீர்கள்.